வாரம் இரண்டு நாள் ஆபீஸ்: புதிய சுற்றறிக்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுருக்கமா சொல்லுங்க, வாரத்துக்கு எத்தனை நாள் ஆபீஸ் வரணும்?

இரண்டு நாள். எந்த இரண்டு நாள் என்பது உங்கள் டீமைப் பொறுத்தது. அமெரிக்க சில்லறை விற்பனை கிளையன்டுக்கு வேலை செய்யும் 14 பேருக்குச் செவ்வாயும் வியாழனும். பிரிட்டன் இன்சூரன்ஸ் டீமின் 11 பேருக்குச் செவ்வாயும் புதனும். கோவை மில்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் மென்பொருள் பராமரிக்கும் சப்போர்ட் டீமின் 10 பேருக்குப் புதனும் வியாழனும். கணக்கு, நிர்வாகம் பார்க்கும் நாங்கள் மூன்று பேரும் எல்லா நாளும் இருப்போம். கூரியர்காரரும் வங்கிக்காரரும் வீடியோ காலில் வர மாட்டார்கள் என்பதுதான் காரணம்.

மற்ற நாட்களில் வீட்டிலிருந்து வேலை செய்யலாம், ஆபீஸுக்கும் வரலாம். அதற்கு அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ரெண்டு நாள்தானே, எந்த நாள்னு நாங்களே முடிவு பண்ணிக்கிறோமே?

சுற்றறிக்கையின் முதல் வரைவு அப்படித்தான் இருந்தது. ஒரு மாதம் சோதித்தும் பார்த்தோம். சரவணம்பட்டி நெரிசலில் முக்கால் மணி நேரம் வண்டி ஓட்டி ஒருவர் வருவார். அவர் பேச வேண்டிய ஆள் அன்றைக்கு வீட்டில் இருப்பார். வந்தவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வீட்டில் செய்யக்கூடிய அதே வீடியோ காலை ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து செய்துவிட்டுத் திரும்பிப் போவார். இரண்டாவது வாரமே, "இதுக்கு எதுக்கு வரச் சொல்றீங்க?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி.

பிறகு ஒரு மாலை உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஐந்து நாளில் எந்த இரண்டு நாளையும் ஒவ்வொருவரும் இஷ்டப்படி எடுத்தால், குறிப்பிட்ட இரண்டு பேர் வாரத்தில் ஒருமுறையாவது நேரில் பார்த்துக்கொள்ளும் வாய்ப்பு 70 சதவீதம். இது பரவாயில்லை. ஆனால் நம் வேலையில் பெரும்பாலும் மூன்று பேர் கூட வேண்டும். கோடு எழுதியவர், அதைச் சோதிப்பவர், கிளையன்டிடம் பேசும் லீடு. மூன்று பேருக்கும் பொதுவான ஒரு நாள் அமையும் வாய்ப்பு 31 சதவீதம்தான். அதாவது பத்து வாரத்தில் ஏழு வாரம் அந்த மூவரும் ஒரே அறையில் சேர்ந்து உட்காரவே மாட்டார்கள். டீமுக்கென்று நாளை நிலையாக வைத்தால் வாரத்துக்கு இரண்டு முறை சேர்வார்கள். ஆபீஸ் வரும் நாட்களின் எண்ணிக்கை அதேதான்.

அப்போ எல்லா டீமும் செவ்வாய், புதன்னு ஒரே நாளில் வந்துடலாமே? கலகலன்னு இருக்கும்.

எனக்கும் ஆசைதான். ஆனால் நம்மிடம் இப்போது 30 நாற்காலிதான் இருக்கிறது, ஆட்கள் 38. இரண்டாவது மாடியைத் திருப்பிக் கொடுத்த பிறகு மிச்சமானது இவ்வளவுதான். அந்த வாடகையில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதிதான் கீழே வரும் இன்டர்நெட் செலவுக்குப் போகிறது.

இப்போதைய அட்டவணையில் செவ்வாய்க்கிழமை 28 பேர், புதன்கிழமை 24 பேர், வியாழக்கிழமை 27 பேர். நிர்வாகத்தின் மூவரும் இதில் அடக்கம். எந்த இரண்டு டீமை எடுத்தாலும் வாரத்தில் ஒரு நாள் சேர்ந்து இருப்பார்கள். சப்போர்ட் டீம் எந்த நாளும் இன்சூரன்ஸ் டீமைப் பார்க்காமல் போனால், ஒருவர் ஏற்கெனவே தீர்த்த சிக்கலை இன்னொருவர் மறுபடி முதலிலிருந்து தீர்ப்பார். நமக்கே இது நடந்திருக்கிறது.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பலவீனமும் உண்டு. செவ்வாயன்று இரண்டே நாற்காலி காலி. அன்றைக்குக் கிளையன்ட் ஆட்கள் மூன்று பேர் வந்தால் நான் டீ மேசையில் உட்கார வேண்டியதுதான். அதனால் விருந்தினர் வருகையை முடிந்தவரை புதனுக்குத் தள்ளுங்கள்.

இரண்டு நாள்ங்கிறது எங்கிருந்து வந்தது? மூணு ஏன் இல்லை, ஒண்ணு ஏன் இல்லை?

எங்கேயும் பொறிக்கப்பட்ட எண் இல்லை. டீமுக்கு இரண்டு நாள் என்று வைத்தால்தான் மேலே சொன்ன கணக்கு 30 நாற்காலியில் அடங்குகிறது. இது முதல் காரணம்.

வீட்டிலிருந்து வேலை செய்தால் தரம் குறையுமா என்ற பயம் எங்களுக்கும் இருந்தது. இதைப் பற்றி நான் படித்ததில் நம்பத் தகுந்ததாகப் பட்டது, சீனாவின் டிரிப்.காம் நிறுவனத்தில் நடந்த சோதனை. 2024இல் நேச்சர் இதழில் வெளிவந்தது. 1,612 பேரை, பிறந்த தேதி ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்து இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு ஐந்து நாளும் ஆபீஸ் வந்தது. இன்னொரு குழுவுக்குப் புதனும் வெள்ளியும் வீட்டிலிருந்து வேலை. வேலைத் திறன் மதிப்பீட்டில் இரு குழுவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் வீட்டிலிருந்தும் வேலை செய்த குழுவில் ராஜினாமா மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நம்மைப் போன்ற சின்ன நிறுவனத்துக்கு அந்த இரண்டாவது விஷயம்தான் பெரிது. 14 பேர் டீமில் ஒருவர் போனாலே கிளையன்டுக்கு விளக்கம் சொல்லி மாளாது.

அதே சமயம், அங்கே மூன்று நாள் ஆபீஸ், இரண்டு நாள் வீடு. நம்முடையது தலைகீழ். எனவே அந்த முடிவு நமக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்து நம் சொந்த எண்களைப் பார்ப்போம்: எத்தனை பேர் வேலையை விட்டார்கள், வெளியிட்ட பிறகு எத்தனை பிழைகள் கிளையன்ட் கண்ணில் பட்டன, புதியவர்கள் தனியாக வேலை செய்யத் தொடங்க எத்தனை வாரம் ஆனது.

என் ஃபிரண்டு கம்பெனியில முழுக்க வீட்டிலிருந்துதான் வேலை. நமக்கு மட்டும் ஏன் இவ்வளவு விதி?

உங்கள் நண்பரின் நிறுவனம் சொந்தமாக மென்பொருள் செய்து விற்பதாக இருக்கலாம். நாம் அடுத்தவருக்காகச் செய்துகொடுக்கிறோம். யார் எங்கே உட்கார்ந்து வேலை செய்யலாம் என்பதில் நமக்கு இருக்கும் சுதந்திரம், கிளையன்டோடு போட்ட ஒப்பந்தம் விட்டுவைத்த அளவுதான். வீட்டிலிருந்து வேலை என்று அறிவிக்கும் சின்ன நிறுவனங்கள் பலவும் கோட்டை விடுவது இங்கேதான். சுற்றறிக்கை எழுதுவதற்கு முன் ஒப்பந்தங்களை எடுத்துப் படிப்பதில்லை.

நாங்கள் மூன்று டீம்களின் ஒப்பந்தங்களையும் வரி வரியாகப் படித்தோம். உள்ளூர் கிளையன்ட்கள் இடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அமெரிக்க கிளையன்ட், வேலை இந்தியாவுக்குள் நடக்க வேண்டும் என்கிறார். இன்சூரன்ஸ் கிளையன்டின் ஒப்பந்தத்திலோ "ஒப்புக்கொள்ளப்பட்ட இடங்கள்" என்று ஒரு இணைப்பு இருந்தது. அதில் நம் ஆபீஸ் முகவரி ஒன்றுதான் இருந்தது. அந்த நிலையில் ஒருவர் வீட்டிலிருந்து லாகின் செய்தாலே அது ஒப்பந்த மீறல். ஒன்றும் திருடு போயிருக்க வேண்டியதுகூட இல்லை. கொரோனா காலத்தில் மின்னஞ்சலில் அனுமதி கொடுத்தார்களே என்று சிலர் கேட்டீர்கள். அது அந்தக் காலத்துக்கு மட்டும் என்று அந்த மின்னஞ்சலிலேயே எழுதியிருந்தது. ஆகவே அவர்களிடம் முறையாகத் திருத்தம் கேட்டு, இருதரப்பும் கையெழுத்துப் போட ஏழு வாரம் பிடித்தது. இன்சூரன்ஸ் டீமுக்கு மட்டும் இந்த ஏற்பாடு தாமதமாகத் தொடங்கியதற்கு அதுதான் காரணம். அந்த டீம் மேல் எங்களுக்குக் கோபம் ஒன்றும் இல்லை.

திருத்தத்தில் அவர்கள் போட்ட நிபந்தனைகள்தான் சுற்றறிக்கையின் நான்காம் பக்கத்தில் இருக்கின்றன. நிறுவன லேப்டாப் மட்டும், வட்டு முழுக்க என்கிரிப்ஷன், பொது வைஃபை கூடாது, வாடிக்கையாளர் விவரம் தெரியும் திரை இன்னொருவர் பார்வையில் படக்கூடாது. டீக்கடையில் உட்கார்ந்து வேலை செய்யக் கூடாது என்பது என்னுடைய கெடுபிடி என்று நினைத்தவர்கள் தயவுசெய்து அந்தப் பக்கத்தைப் படியுங்கள்.

வீட்டில் நெட் நல்லா இருந்தும் கிளையன்ட் சர்வர் திறக்க மாட்டேங்குதே?

கிளையன்டின் ஃபயர்வால் நம் ஆபீஸின் நிலையான ஐபி முகவரியை மட்டும்தான் உள்ளே விடும். நீங்கள் வீட்டிலிருந்து விபிஎன் போட்டு முதலில் ஆபீஸுக்கு வந்து, அங்கிருந்து கிளையன்டிடம் போகிறீர்கள். விபிஎன் இணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இணைந்திருந்தும் திறக்கவில்லை என்றால், உலாவியில் உங்கள் ஐபி முகவரி என்னவென்று பாருங்கள். வீட்டு ஐபி தெரிந்தால் உங்கள் லேப்டாப் அமைப்பில் பிரச்சினை. ஆபீஸ் ஐபி தெரிந்தும் திறக்கவில்லை என்றால் கிளையன்ட் பக்கம் பிரச்சினை. இந்த ஒரு தகவலோடு கூப்பிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

இதில் ஒரு பொறி இருந்தது. எல்லோரும் வீட்டில் இருக்கும் வெள்ளிக்கிழமை ஒன்றில் ஆபீஸ் இன்டர்நெட் அறுந்தது. வீட்டில் மின்சாரமும் நெட்டும் இருந்த 25 பேர் மூன்று மணி நேரம் சும்மா இருந்தார்கள். இடம் மாறினாலும் பாதை ஒன்றாகவே இருந்ததால் வந்த வினை. இப்போது வேறொரு நிறுவனத்தின் இணைப்பை இரண்டாவதாக எடுத்து, அதன் ஐபியையும் இரு கிளையன்டிடமும் பதிவு செய்திருக்கிறோம்.

கரன்ட் போனா என்ன பண்றது?

மாதாந்திரப் பராமரிப்புக்காக உங்கள் பகுதியில் நாள் முழுக்க மின்தடை என்று முன்கூட்டியே அறிவித்திருந்தால், அன்று ஆபீஸுக்கு வாருங்கள். முந்தின நாள் மாலைக்குள் டீம் குழுவில் ஒரு வரி போட்டால் போதும். செவ்வாயாக இருந்தால் காலி நாற்காலிக்கு முந்துங்கள்.

திடீரென்று போனால், லேப்டாப் பேட்டரி தாங்கும். ரவுட்டர் தாங்காது. அதனால் ரவுட்டருக்கென்றே விற்கும் சின்ன யூபிஎஸ் ஒன்றை எல்லோருக்கும் வாங்கிக் கொடுக்கிறோம். அரை நாள் மின்தடைக்குக் கையில் இன்வெர்டர் இருந்தால் சரி, இல்லையென்றால் போனில் தகவல் சொல்லிவிட்டு, மாலையில் அந்த நேரத்தை ஈடுகட்டுங்கள். அரை நாள் விடுப்பாக யாரும் எழுத மாட்டார்கள்.

நெட் பில், கரன்ட் பில் கம்பெனி தருமா?

நெட் பில் தரும், மாதம் 1,000 ரூபாய் வரை, உங்கள் பெயரில் பில் காட்டினால். பில் வேண்டாம், சம்பளத்தோடு சேர்த்துக் கொடுங்கள் என்று பலர் கேட்டீர்கள். அப்படிக் கொடுத்தால் அது சம்பளமாகிவிடும், வரி பிடித்தாக வேண்டும். பில் காட்டும் சிரமம் உங்களுக்கே லாபம்.

கரன்ட் பில் தரவில்லை. இதில் எனக்கே முழுத் திருப்தி இல்லை. கோடையில் பகல் முழுக்க ஏசி ஓடினால், இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டி, அதற்கு மேல் விகிதமே ஏறிவிடும் என்பது தெரியும். ஆனால் அந்த ஏசியில் எவ்வளவு ஆபீஸ் வேலைக்கு, எவ்வளவு வீட்டாருக்கு என்று பிரிக்க நேர்மையான வழி எதுவும் கிடைக்கவில்லை. ஏசி வேண்டுமென்றால் ஏப்ரல், மே மாதங்களில் திங்களும் வெள்ளியும் ஆபீஸ் காலியாகத்தான் இருக்கும்.

ஊருக்குப் போய் அங்கிருந்தே வேலை செய்யலாமா? எனக்கு ராஜபாளையம்.

வருடத்துக்கு நான்கு வாரம் வரை ஆபீஸ் நாட்களும் சேர்த்து ஊரிலிருந்தே வேலை செய்யலாம். பொங்கலோ, திருவிழாவோ, அப்பா அம்மாவுக்கு வைத்தியமோ, காரணம் கேட்க மாட்டோம். இரண்டு வாரத்துக்கு முன் உங்கள் லீடிடம் சொல்லுங்கள். வட்டு என்கிரிப்ஷன், விபிஎன் விதிகள் அங்கேயும் அதேதான். இன்சூரன்ஸ் டீமில் இருப்பவர்கள் அந்த முகவரியையும் எங்களிடம் பதிவு செய்ய வேண்டும்.

நிரந்தரமாகக் குடிபோவது வேறு கதை. தமிழ்நாட்டுக்குள் என்றால் பேசி முடிவு செய்யலாம். வேறு மாநிலம் என்றால் சம்பளக் கணக்கே மாறும். உதாரணமாக, தொழில்வரியை இங்கே உள்ளாட்சி அமைப்பு அரையாண்டுக்கு ஒருமுறை வாங்குகிறது. கர்நாடகத்தில் மாநில அரசு மாதாமாதம் வாங்குகிறது. ஒருவர் பெங்களூரில் குடியேறினால் அங்கே நாம் பதிவு செய்து, கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். ஒரு ஆளுக்காக அதைச் செய்ய இப்போது நம்மால் முடியாது.

வெளிநாட்டிலிருந்து ஒரு நாள்கூடக் கூடாது. தம்பியைப் பார்க்க சிங்கப்பூர் போகும்போது லேப்டாப்பையும் எடுத்துப் போகட்டுமா என்று ஒருவர் கேட்டார். சுற்றிப் பார்க்க வாங்கிய விசாவில் வேலை செய்வது பெரும்பாலான நாடுகளில் விதி மீறல். இந்தியாவுக்குள் என்று எழுதிக் கொடுத்த ஒப்பந்தமும் உடையும். விடுப்பு எடுத்துப் போய் நிம்மதியாகச் சுற்றிவிட்டு வாருங்கள்.

லேப்டாப் தொலைஞ்சா?

ஒரு மணி நேரத்துக்குள் எங்களைக் கூப்பிடுங்கள், நள்ளிரவாக இருந்தாலும். தொலைத்ததற்காகத் திட்ட மாட்டோம். தொலைத்ததை மறைத்தால்தான் நடவடிக்கை. அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. தரவுக் கசிவு போன்ற சம்பவங்களை, தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவு. கசிந்ததா இல்லையா என்று பார்க்கவே எங்களுக்கு இரண்டு மணி நேரம் வேண்டும். நீங்கள் "பஸ்ஸில் விட்டிருப்பேனோ, நாளைக்கு டெப்போவில் கேட்டுப் பார்ப்போம்" என்று இருந்துவிட்டால் அந்தக் கெடு போய்விடும்.

ஸ்கிரீன்ஷாட் எடுக்கிற சாஃப்ட்வேர் போடப் போறீங்களாமே?

போடவில்லை, போடவும் மாட்டோம். மவுஸ் நகர்வதை எண்ணினால் மவுஸ் நகர்த்தும் திறமைதான் வளரும். கிளையன்டுக்கு மணிக் கணக்கில் பில் போடுகிறோம், ஆகவே டைம்ஷீட்டை அன்றன்றே நிரப்புங்கள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து நாளையும் நினைவிலிருந்து நிரப்பினால் எல்லா நாளும் சரியாக எட்டு மணி நேரம் என்று வரும். அதைப் பார்த்துத்தான் எனக்குச் சந்தேகமே வரும்.

ராத்திரி கால் இருக்கிற நாளிலும் காலையில் ஒன்பதரைக்கு வரணுமா?

வேண்டாம். அமெரிக்க டீமின் பொது நேரம் பகல் 12 முதல் மாலை 5 வரை. அந்த நேரத்தில் இருந்தால் போதும். இரவு 8 மணிக்கு மேல் வரும் காலுக்காக யாரும் ஆபீஸில் காத்திருக்கக் கூடாது, வீட்டுக்குப் போய் அங்கிருந்து பேசுங்கள். இதை நவம்பரில் குறிப்பாக நினைவில் வையுங்கள். அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும், நியூயார்க் காலை 10 மணிக் கூட்டம் நமக்கு இரவு ஏழரையிலிருந்து எட்டரைக்குப் போய்விடும். செவ்வாய், வியாழனில் அதுவரை ஆபீஸில் இருந்து பழகியவர்கள், அன்றிலிருந்து ஏழு மணிக்கே கிளம்பிவிடுங்கள்.

நான் போன வாரம்தான் சேர்ந்தேன். எனக்கும் ரெண்டு நாளா?

முதல் மூன்று மாதம் மூன்று நாள். மூன்றாவது நாள் திங்கட்கிழமை. உங்களுக்கு வழிகாட்டும் மூத்தவரும் அன்று வருவார், இல்லையென்றால் நீங்கள் வருவதில் அர்த்தமில்லை. திங்களுக்குப் பதிலாக அவர் வேறு ஒரு நாளைக் குறைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். கூடாது, அவர் அந்தக் காலத்துக்கு மூன்று நாள் வர வேண்டும். அதற்காக மாதம் ஒரு ஈடுசெய் விடுப்பு கொடுக்கிறோம்.

மகப்பேறு விடுப்பு முடிந்து வருகிறேன். கொஞ்ச மாதம் முழுக்க வீட்டிலிருந்தே செய்யலாமா?

செய்யலாம். வேலையின் தன்மை இடம் கொடுத்தால் இருவரும் பேசி இப்படி வைத்துக்கொள்ளலாம் என்பது 2017 திருத்தத்திலேயே சட்டத்தில் வந்துவிட்டது. ஆறு மாதம் வரை நாங்கள் மறுப்பதில்லை. கடிதம் ஒன்று போதும்.

வீடியோ காலில் ஒருத்தர் தப்பாப் பேசினா அது ஆபீஸ் புகாரா, வெளியிலயா?

ஆபீஸ் புகார்தான். பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டத்தில் பணியிடம் என்பதற்குள் வீடும் அடங்கும். உள்புகார்க் குழுவின் உறுப்பினர் பெயர்கள் சுற்றறிக்கையின் கடைசிப் பக்கத்தில் உள்ளன. கிளையன்ட் தரப்பு ஆள் என்றாலும் தயங்காமல் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் வந்தா சாப்பாடு உண்டா?

இல்லை. மெஸ்காரர் செவ்வாய் முதல் வியாழன் வரைதான் கொண்டு வருகிறார். வெள்ளிக்கிழமை டிபன் பாக்ஸ் எடுத்து வாருங்கள், டீ நான் போட்டுத் தருகிறேன்.